படத்தில் தெரியாத அலுமாரி

எத்தாளை போன்ற கடலோர ஊர்களில் படத்தைக் காட்டி, "இதைப் போல் செய்யுங்கள்" என்று தச்சரிடம் அலுமாரி கேட்பவர், முன்புறத்தை எடுத்த படம் ஆழத்தைக் காட்டுவதில்லை என்பதை முதலில் கருத வேண்டும். உடுப்புத் தொங்கவிடும் கொளுவி ஏறத்தாழ 17 அங்குல அகலம் உடையது. அதில் மாட்டிய சட்டையின் தோளும் கையும் அதற்கு வெளியே நீள்வதால், உள்ளே 22 அங்குலமாவது தேவை. வெளி ஆழம் 20 அங்குலமாயின், சட்டகத்துக்குள் பொருந்தும் முக்கால் அங்குலக் கதவும் கால் அங்குலப் பின்பலகையும் கழிந்து 19 அங்குலமே எஞ்சும். கதவு சட்டைக் கையை நசுக்கும். ஆகவே "உள்ளளவு 22, வெளியளவு 23" என்று இரண்டையும் எழுதிக் கொடுப்பதே சரி.

பிணைச்சல், அதாவது கதவைத் தாங்கித் திருப்பும் உலோகத் தகடு, படத்தில் பொன்னிறமாகத் தெரிந்தாலும், அது பித்தளையா, முலாம் பூசிய இரும்பா என்பது புலப்படாது. இரும்பாயின் உப்புக்காற்றில் முலாம் கீறிய இடத்திலிருந்து துரு பரவும். பொருத்துமுன் காந்தம் வைத்துப் பார்க்கலாம்: பித்தளையில் ஒட்டாது. திருகாணிகளையும் (இவைதாம் பெரும்பாலும் மறக்கப்படுபவை) அவ்வாறே சோதிக்க வேண்டும்.