புரோக்கர் கமிஷன்: எவ்வளவு கொடுக்கலாம்?

நம்பிக்கை: "ஒரு மாத வாடகைதான் கமிஷன், இது அரசு வைத்த கணக்கு."

உண்மை: தமிழ்நாட்டில் அப்படி அரசுக் கணக்கு எதுவும் கிடையாது. சென்னையில் வீடு பிடித்துத் தருபவருக்கு ஒரு மாத வாடகை கொடுப்பது வழக்கம், அவ்வளவுதான். வழக்கம் என்றால் பேசலாம். அவர் வீட்டு ஓனரிடமும் கமிஷன் வாங்குகிறாரா என்று முதலில் கேளுங்கள். வாங்கினால், பாதி மாத வாடகைக்குப் பேசிப் பார்ப்பதில் தவறே இல்லை. வீடு பிடித்துப்போன பிறகு கேட்டால் பேரம் படியாது. அதனால் வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே தொகையைப் பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 11 மாதம் முடிந்து அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது மறுபடி கமிஷன் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

நம்பிக்கை: "ஜிஎஸ்டி சேர்த்துக் கேட்டால் கொடுத்துத்தான் ஆகவேண்டும்."

உண்மை: ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் மட்டுமே அதை வசூலிக்கலாம். வாடகை 18,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 18,000, அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 3,240, மொத்தம் 21,240 என்கிறார். உடனே பில் கேளுங்கள். அதில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் எண் 33 என்று தொடங்கும். gst.gov.in தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் உள்ளதா என்பது தெரிந்துவிடும். எண்ணே இல்லாதவர் கேட்கும் அந்த 3,240 ரூபாய் வரி அல்ல, கூடுதல் கமிஷன். கொடுக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: "வீடு வாங்கும்போது 2 சதவீதம் கட்டாயம்."

உண்மை: வாங்குபவர், விற்பவர் இருவரிடமும் தனித்தனியே 1 முதல் 2 சதவீதம் வாங்குவது வழக்கம். 60 லட்ச ரூபாய் வீட்டில் 1 சதவீதம் என்றால் 60,000, 2 சதவீதம் என்றால் 1,20,000. இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வாய்ப்பேச்சில் விடக்கூடாது. பத்திரச் செலவையும் கமிஷனையும் ஒரே தொகையாகச் சொன்னால், தனித்தனியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

பில்டரிடம் புது ஃபிளாட் வாங்குவதில் இன்னொன்று உண்டு. அங்கே ஏஜென்ட்டுக்குப் பெரும்பாலும் பில்டரே கமிஷன் தருகிறார். உங்களிடமும் கேட்டால் காரணம் கேளுங்கள். ரெராவில் பதிவான திட்டத்தில் வீடு விற்றுத் தரும் ஏஜென்ட் தானும் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும் என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். அவருடைய பதிவு எண்ணை வாங்கி, rera.tn.gov.in தளத்தில் சரிபார்த்த பிறகு டோக்கன் அட்வான்ஸ் கொடுங்கள்.