முறை நெருங்குகிறது என்னும் செய்தி: அதனை எவ்வாறு படிப்பது?

மருத்துவரைக் காணக் காத்திருப்போர் பலர் ஒரே அச்சத்துடன் அமர்ந்திருக்கின்றனர். எழுந்து சென்றால் எண் கடந்துவிடுமோ என்பதே அந்த அச்சம். இதன் பொருட்டுத் தண்ணீர் அருந்தாமலும், கழிப்பறைக்குச் செல்லாமலும், சர்க்கரை நோயுள்ளவர்கள் உண்ண வேண்டிய நேரத்தில் உண்ணாமலும் இருந்துவிடுகின்றனர். காட்டுமன்னார்கோயில், பரங்கிப்பேட்டை, புவனகிரி ஆகிய ஊர்களிலிருந்து சிதம்பரத்திற்கும், பண்ருட்டி, நெல்லிக்குப்பம், குறிஞ்சிப்பாடி ஆகிய ஊர்களிலிருந்து கடலூருக்கும் விடியற்காலைப் பேருந்தில் வருவோர்க்கு இந்தக் காத்திருப்பு மேலும் நீளமானது. அவர்கள் வீட்டில் உண்டு புறப்படுவதும் அரிது.

இந்த அச்சத்தைக் குறைப்பதற்காகவே, முறை நெருங்கும்போது கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வழக்கம் மருத்துவமனைகளிலும் வங்கிகளிலும் வந்துள்ளது. அச்செய்தி எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதை அறிந்தால்தான் அதனை நம்பி இருக்கையை விட்டு எழ முடியும். அதனை இப்பாடத்தில் காண்போம்.

முதலில், உங்கள் கையில் இருப்பது எந்த டோக்கன்?

ஒரே காலையில் ஒரு நோயாளிக்கு இரண்டு அல்லது மூன்று எண்கள் கிடைக்கலாம். பதிவு முகப்புக்கு ஓர் எண், மருத்துவர் அறைக்கு ஓர் எண், இரத்தப் பரிசோதனைக்கு மற்றோர் எண். இவற்றைக் குழப்பிக்கொள்வதே முதல் தவறு.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, தேசிய சுகாதார ஆணையம் 2022 அக்டோபரில் புது தில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கி, பின்னர் நாட்டின் பல மருத்துவமனைகளுக்கும் கொண்டுசென்ற ‘ஸ்கேன் அண்டு ஷேர்’ முறை. 14 இலக்க ஆபா எண் வைத்திருப்பவர், பதிவு முகப்பில் ஒட்டப்பட்டுள்ள க்யூ.ஆர். குறியைத் தம் கைப்பேசியால் படம்பிடித்துப் பெயர், வயது முதலிய விவரங்களைப் பகிர்கிறார். உடனே அவர் கைப்பேசித் திரையில் ஒரு டோக்கன் எண் தோன்றுகிறது. விவரங்களைச் சொல்லி எழுதவைக்கும் நேரம் இதனால் மிச்சமாகிறது. ஆயினும் அந்த எண் ஓ.பி. சீட்டைப் பெறுவதற்கான முகப்பு வரிசையின் எண். மருத்துவர் அறைக்கான வரிசை அதன் பின்னரே தொடங்குகிறது. ‘எனக்கு 9ஆம் எண் வந்துவிட்டது’ என்று மகிழ்ந்து மருத்துவர் அறைமுன் நிற்பவருக்கு அங்கே 60க்கு மேற்பட்ட எண் கிடைக்கலாம்.

வங்கியிலும் இவ்வாறே. பணம் செலுத்துவோர்க்கு ஒரு தொடர், கடன் தொடர்பாக வருவோர்க்கு ஒரு தொடர் என எழுத்துகளால் பிரித்திருப்பர். அதனால் உமக்குப் பின் வந்தவர் முன் அழைக்கப்படுவதாகத் தோன்றும். சீட்டில் எண்ணுக்கு முன்னுள்ள எழுத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்தி எவ்வாறு பிறக்கிறது?

ஒரு நோயாளி வெளியே வந்ததும், மருத்துவர் அறையில் இருக்கும் உதவியாளர் கணினியில் ‘அடுத்தவர்’ என்னும் பொத்தானை அழுத்துகிறார். எண் பலகை மாறுகிறது. அந்த எண்ணுக்கும் உங்கள் எண்ணுக்கும் உள்ள இடைவெளியைக் கணினி கணக்கிடுகிறது. இடைவெளி முன்பே குறித்துவைத்த அளவை, எடுத்துக்காட்டாக 5ஐ, எட்டியதும் உங்கள் பதிவிலுள்ள கைப்பேசி எண்ணுக்குச் செய்தி புறப்படுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இத்தகைய முறையில் கணினி எண்ணுவது ஆட்களையே; நிமிடங்களை அன்று. ‘உங்களுக்கு முன் 5 பேர்’ என்பது சில வேளை 20 நிமிடம். சில வேளை 4 நிமிடம். செய்தியில் நேரம் குறிப்பிட்டிருந்தாலும், அது இதுவரை சென்ற வேகத்தைக் கொண்டு கணித்த மதிப்பீடே.

ஒரு காலைப்பொழுதின் கணக்கு

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளங்கிக்கொள்வோம். புவனகிரியிலிருந்து ஒரு மகன் தம் தாயைச் சர்க்கரை நோய்ப் பரிசோதனைக்கு அழைத்து வருகிறார். வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டிய இரத்தத்தை 7.30 மணிக்குக் கொடுத்தாயிற்று. தாயார் 8.00 மணிக்குச் சிற்றுண்டி உண்ணத் தொடங்குகிறார். உணவுக்குப் பிந்தைய பரிசோதனைக்கு, உண்ணத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும், அதாவது 10.00 மணிக்கு. மருத்துவர் அறைக்கான டோக்கன் எண் 52. ஐந்து பேர் முன்னிருக்கும்போது செய்தி வரும் என்று சொல்லியிருக்கின்றனர். இரத்தம் எடுக்கும் இடம் அடுத்த கட்டடத்தில், தாயார் நடந்தால் 5 நிமிடத் தொலைவில் உள்ளது.

மகன் பலகையைப் பார்க்கிறார். 9.20க்கு எண் 8, 9.50க்கு எண் 18. முப்பது நிமிடத்தில் 10 பேர், ஒருவருக்கு 3 நிமிடம். மீதம் 34 எண்கள். 34 × 3 = 102 நிமிடம். ஆகவே முறை ஏறக்குறைய 11.32க்கு வரும். செய்தி அதற்கு 15 நிமிடம் முன்னதாக வரும். போதிய நேரம் இருப்பதாக எண்ணித் தாயை இரத்தம் கொடுக்க அழைத்துச் செல்கிறார். பின்னர் அங்கேயே முடிவுக்காக இருவரும் காத்திருக்கின்றனர்.

கணக்கு சரியானதே. ஆனால் 10.20க்கு, எண் 28 நடக்கும்போது, வார்டு சுற்று முடித்து இரண்டாவது மருத்துவரும் வந்து அமர்கிறார். அதே வரிசையை இருவரும் பார்க்கின்றனர். இப்போது ஓர் எண்ணுக்கு ஒன்றரை நிமிடம். மீதமுள்ள 24 எண்களும் 36 நிமிடத்தில் முடிந்து, 10.56க்கே 52ஆம் எண் அழைக்கப்படும். எண் 47இல் வரும் முன்னறிவிப்பு இனி 15 நிமிட அவகாசம் தராது. ஏழரை நிமிடமே தரும்.

இதற்கு மேலும் ஒன்று நிகழலாம். 48, 49, 50 ஆகிய மூவரும் அவ்வேளை அங்கில்லை எனக் கொள்வோம். ஒவ்வொருவரையும் அழைத்துப் பார்த்துக் கடக்க அரை நிமிடமே ஆகும். அப்போது அவகாசம் நாலரை நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. குறுஞ்செய்தி வந்து சேர ஒரு நிமிடம் தாமதித்தாலும், ஐந்து நிமிட நடைத் தொலைவில் உள்ளவர் தம் முறையைத் தவறவிடுவார்.

இதில் யார் மீதும் குற்றமில்லை. வரிசை விரைவாக நகர்ந்ததுதான் நிகழ்ந்தது. தாமதத்தை எதிர்பார்க்கும் நாம் விரைவை எதிர்பார்ப்பதில்லை.

இதிலிருந்து கொள்ள வேண்டிய முறை

முதலாவது, பலகையை இருமுறை, அரை மணி இடைவெளியில் பார்த்து வேகத்தை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை மட்டுமே உங்கள் ஓய்வு நேரமாகக் கொள்ளுங்கள். மேலே சொன்ன மகன் 102 நிமிடத்தை 51 நிமிடமாகக் கொண்டிருந்தால், 10.41க்கு அறைவாயிலுக்குத் திரும்பியிருப்பார். அழைப்பு 10.56க்கே வருமாதலால், விரைவாக நகர்ந்த வரிசையும் அவரைக் கடந்திருக்காது. முன்னதாக வந்தால் இழப்பது சிறிது நேரம்; பின்னதாக வந்தால் இழப்பது முறையே.

இரண்டாவது, எத்தனை மருத்துவர்கள் அமர்ந்துள்ளனர் என்பதைக் கேட்டறியுங்கள். இன்னொருவர் வரவிருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். இந்த ஒரு விவரம் எல்லாக் கணக்கையும் மாற்றுகிறது.

மூன்றாவது, பரிசோதனைக்குச் செல்லும் முன் அறைவாயிலிலுள்ள செவிலியரிடம் சொல்லிச் செல்லுங்கள். ‘சிஸ்டர், அம்மாவுக்குச் சாப்பிட்ட பின் எடுக்கும் இரத்தம் பத்து மணிக்கு. டோக்கன் 52. முடிவு வந்ததும் வருகிறோம்’ என்ற அளவு போதும். இரத்தம் 10.00க்கு எடுத்தால், 10.56க்கு அழைக்கப்படும்போது முடிவு கையில் இல்லாமல் போகலாம். முடிவின்றி மருத்துவரைப் பார்த்துப் பயனில்லை. டோக்கனைக் காப்பதற்காகச் சாப்பிடும் நேரத்தையோ இரத்தம் எடுக்கும் நேரத்தையோ மாற்றினால் முடிவே பிழையாகும். அதைக் கொண்டு மருந்தின் அளவும் பிழையாகக்கூடும். இந்த இரண்டில் மாற்றக்கூடியது டோக்கன் நேரமே.

செய்தி வராதபோது

செய்தி வராமைக்குக் காரணம் பெரும்பாலும் எளியது. முந்தைய வருகையில் கொடுத்த பழைய கைப்பேசி எண்ணே பதிவில் இருக்கும். அல்லது வீட்டிலுள்ள மருமகளின் எண் இருக்கும், செய்தி அங்கே சென்றிருக்கும். பதிவின்போதே, ‘எந்த எண் இருக்கிறது?’ என்று கேட்டு, இன்று உடன் வந்திருப்பவரின் எண்ணைக் கொடுப்பது நலம். தடித்த சுவர்களுள்ள கூடங்களில் அலைக்கோபுரத் தொடர்பு குறைவாக இருக்கலாம். கைப்பேசியின் ஒலியும் அணைந்திருக்கலாம்.

மற்றொரு காரணம் அறைக்குள்ளே உள்ளது. கூட்டம் மிகும்போது உதவியாளர் பொத்தானை அழுத்தாமல் வாயால் பெயர் சொல்லி அழைப்பது உண்டு. அப்போது பலகையும் செய்தியும் பின்தங்கிவிடும். பிறகு ஒரே மூச்சில் பலமுறை அழுத்தினால் எண் திடீரெனத் தாவும். இதனை அறிய எளிய வழி, வெளியே வருபவரிடம் அவருடைய எண்ணைக் கேட்பது. அவர் எண் 40, பலகை 34 எனக் காட்டினால், அன்று பலகையையும் செய்தியையும் நம்பாமல் வாயிலருகிலேயே இருங்கள்.

அவசர நோயாளிகளும், முடிவுடன் திரும்பி வருவோரும் இடையில் அனுப்பப்படுவர். அப்போது எண் நகராமல் நிற்கும். அது பழுதன்று.

முறை தவறிவிட்டால்

புதிய டோக்கன் வாங்க ஓடாதீர்கள். புதிய எண் உங்களை வரிசையின் கடைசிக்குக் கொண்டுபோய்விடும். பழைய சீட்டுடனேயே அறைவாயிலுக்குச் சென்று, எந்த எண்ணில் தவறியது, எங்கே சென்றிருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தவறியோரை எப்போது மீண்டும் அழைப்பர் என்பது ஒவ்வோர் இடத்திலும் வேறுபடும். ஆகவே அதனைக் காலையிலேயே கேட்டுவைப்பது நல்லது.

இறுதியாக ஒன்று. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டவர்க்குக் காத்திருக்கும்போது வியர்வை, கைநடுக்கம், கண் இருட்டல், படபடப்பு தோன்றினால், அது இரத்தச் சர்க்கரை தாழ்வதன் அறிகுறியாக இருக்கலாம். அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே சர்க்கரையோ இனிப்பான பானமோ கொடுத்துச் செவிலியரை அழையுங்கள். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டியுள்ளதே என்றோ, எண் கடந்துவிடுமே என்றோ அந்த வேளையில் தயங்க வேண்டாம். பரிசோதனையை மற்றொரு நாள் செய்துகொள்ளலாம்.