மதத்தைப் பற்றிச் சொல்லித்தருவதும் மதத்தைப் பரப்புவதும்

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னையின் அசோக் நகர், சைதாப்பேட்டை அரசுப் பள்ளிகளில் ஒரு சொற்பொழிவாளர் பேசினார். உடற்குறையோடு பிறப்பதற்கு முற்பிறவிப் பாவம்தான் காரணம் என்ற பொருளில் பேச்சுப் போக, பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எதிர்த்துக் கேட்டார். அடுத்த மாதம் அந்தப் பேச்சாளர் கைதானார். நடவடிக்கை நியாயமானதுதான். ஆனால் அதன்பின் எங்கள் பொத்தேரிப் பக்கத்துப் பெற்றோர் பலர், “இனிப் பள்ளியில் மதம் என்ற பேச்சே கூடாது” என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். அந்த முடிவு தவறு.

“சட்டம் இதற்கு இடம் தராது”

அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு, முழுவதும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது என்கிறது. அது தடுப்பது போதனையை மட்டும்தான். 2000ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்தை எதிர்த்து அருணா ராய் முதலியோர் தொடுத்த வழக்கில், 2002 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத்தான் எடுத்துக்காட்டியது: வழிபாட்டையும் சடங்கையும் பழக்குவது போதனை, மதங்களைப் பற்றி அறியச்செய்வது கல்வி. அந்தக் கலைத்திட்டத்தின் மற்றப் பகுதிகள் மேல் கடுமையான விமர்சனங்கள் உண்டு. ஆனால் இந்த வேறுபாட்டை 1960களிலேயே கோத்தாரிக் கல்விக் குழுவும் வலியுறுத்தியிருந்தது.

“எப்படிச் சொன்னாலும் பிரச்சாரமாகத்தான் முடியும்”

எல்லாரும் எழுப்பும் ஆட்சேபம் இது. ஒரு பாடத்தை வைத்தே பார்க்கலாம். பொத்தேரியில் மின்சார ரயில் ஏறினால் கடற்கரைக்குப் போகும் வழியிலேயே பரங்கிமலை வருகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த மலையைப் பற்றி எப்படிச் சொல்வது?

“இயேசுவின் சீடர் தோமா இங்கே உயிர்துறந்தார் என்பது கிறித்தவர்களின் மரபு” என்று ஆசிரியர் தொடங்கலாம். இந்த வாக்கியத்தில் நம்பிக்கை யாருடையது என்பது தெளிவு. அடுத்து, மலைமேல் உள்ள தேவாலயம் 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கட்டியது என்பதையும், அங்கே உள்ள கற்சிலுவையில் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்துகள் இருப்பதையும் சொல்வார். இவை யாரும் போய்ப் பார்க்கக்கூடிய சான்றுகள். தோமா நேரில் வந்தாரா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருப்பதை மூன்றாவதாகச் சொல்வார். மரபு, சான்று, விவாதம் மூன்றும் தனித்தனியே நின்றால் அங்கே போதனைக்கு இடமில்லை. “தோமா இங்கே உயிர்துறந்தார், அவரை வணங்குவோம்” என்றாலும், “இதெல்லாம் வெறும் கட்டுக்கதை” என்றாலும் ஆசிரியர் எல்லை தாண்டிவிட்டார்.

ஆகவே பாடம் தடம்புரள்வதை நோட்டுப் புத்தகத்திலேயே கண்டுபிடிக்கலாம். “நம்புகிறார்கள்” என்று எழுத வேண்டிய இடத்தில் “உண்மை” என்று இருக்கும். “உனக்கு எது சரி?” என்ற கேள்விக்கு மதிப்பெண் இருக்கும். வகுப்பிலோ கையெடுத்துக் கும்பிடச் சொல்வார்கள்.

“பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்கள்”

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மொடெஸ்டோ நகரம், 2000 முதல் ஒன்பதாம் வகுப்பில் உலக மதங்களைக் கட்டாயப் பாடமாக வைத்தது. விரும்பாத பெற்றோர் பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்கலாம். மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2006இல் வெளியானது. பிற மதத்தவரின் உரிமையை மதிக்கும் மனம் கூடியிருந்தது. பிள்ளைகளின் சொந்த நம்பிக்கை மாறியிருக்கவில்லை.

இந்த அச்சத்துக்கு அவரவர் மதத்தை மட்டும் படிப்பதும் தீர்வாகாது. இலங்கையில் மதம் பள்ளியில் கட்டாயப் பாடம். ஆனால் அவரவர் பிறந்த மதத்தையே அவரவர் படிக்கிறார்கள். சைவப் பிள்ளை சைவ வகுப்புக்கும், பௌத்தப் பிள்ளை பௌத்த வகுப்புக்கும் பிரிந்து போனால், பக்கத்து பெஞ்சுக்காரரின் நோன்பைப் பற்றி யார் சொல்வது? அந்த வழி நமக்கு வேண்டாம்.

“பெரியார் மண்ணில் இது பின்னோக்கிப் போவது”

இந்த ஆட்சேபத்தை நான் மதிக்கிறேன். மதத்தைப் பற்றிய பாடம் சாதியை மூடி மறைத்தால் அது பொய்ப் பாடம். அயோத்திதாசர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டது எதனால், பெரியார் கடவுளை மறுத்தது எதனால் என்பதும் அதே அத்தியாயத்தில் வர வேண்டும். கம்பராமாயணமும் தேம்பாவணியும் நம் தமிழ்ப் பாடநூலில் இருக்கின்றன; அவற்றைப் படித்து யாரும் மதம் மாறவில்லை.

உண்மையான தடை ஆசிரியர் பயிற்சிதான். பாடநூல் சரியாக இருந்தாலும் ஆசிரியரின் சொந்தச் சாய்வு வகுப்பில் நுழையும். அதனால் பயிற்சி தராமல் இந்தப் பாடத்தைத் தொடங்கக் கூடாது. வெளிப் பேச்சாளர் யாரையும் அந்த வகுப்புக்குள் விடவும் கூடாது. அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், “மதத்தைப் பேசாதீர்கள்” என்று கேட்காமல், “எந்தப் பாடம், யார் எழுதியது, ஆசிரியருக்குப் பயிற்சி உண்டா?” என்று கேளுங்கள்.