90 நாள் கெடு கேட்டால் பதில் எப்படி எழுதுவது?

கோவையில் பம்ப் உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு சிறு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். "இனி பில் பணம் 90 நாளில்தான்" என்று பெரிய நிறுவனம் மெயில் அனுப்புகிறது.

முதலில் எழுதிய பதில்:
"சார், 90 நாள் கட்டுப்படியாகாது. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க."

இதில் கெஞ்சல் மட்டும்தான் இருக்கு. எத்தனை நாள் வேணும், எந்த உரிமையில் கேட்கிறோம் என்பது இல்லை.

திருத்திய பதில்:
"வணக்கம். எங்கள் உத்யம் பதிவுச் சான்றை இணைத்துள்ளோம். குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006, பிரிவு 15-ன்படி, சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்கு மேல் கெடு வைக்க இயலாது. ஆகவே ஆர்டரில் 45 நாள் எனத் திருத்தித் தர வேண்டுகிறோம்."

90 நாளுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் 45 நாள்தான் செல்லும். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி உண்டு. ஆனால் அதை முதல் கடிதத்திலேயே எழுத வேண்டாம், மிரட்டலாகத் தெரியும்.

ஒன்றைக் கவனியுங்கள்: சரக்கு அனுப்பிய பிறகு உத்யம் பதிவு செய்தால், பழைய பில்லுக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம். முதலில் பதிவு, பிறகு சரக்கு.