கார்டை அழிக்கும் முன்: நகல் சரிதானா என்று பார்க்க எந்த செக்சம்?

தாலி கட்டி முடிந்து பந்தி பரிமாறும் நேரம். மண்டபத்தின் பின்னறையில் வீடியோகிராபர் மடிக்கணினியைத் திறந்து, கேமராவின் 64 ஜிபி கார்டில் இருப்பதை எல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு ஏற்றுகிறார். நகலெடுத்து முடிந்ததாகத் திரை சொல்கிறது. மாலை வரவேற்புக்கு அதே கார்டு வேண்டும். ஃபார்மட் செய்தாக வேண்டும். அந்தப் பொத்தானை அழுத்துவதற்கு முன், டிஸ்க்கில் இருப்பது கார்டில் இருப்பதேதானா என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று முடிச்சை மறுபடி படம் பிடிக்க வழியில்லை.

பெரும்பாலோர் செய்வது இரண்டு ஃபோல்டர்களின் அளவை ஒப்பிடுவது. கோப்புகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால் இது காட்டிக்கொடுக்கும். அதற்கு மேல் இதை நம்ப முடியாது. நகலெடுக்கும் மென்பொருள்கள் பல, கோப்பின் முழு இடத்தையும் முதலிலேயே ஒதுக்கிவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கின்றன. நடுவில் கேபிள் ஆடினாலோ மின்சாரம் போனாலோ, அளவு முழுசாகத் தெரிய, உள்ளே பாதி வெறும் பூஜ்யமாக இருக்கலாம். கொள்ளளவைப் பொய்யாகக் காட்டும் போலி பென் டிரைவ்களிலும் இதே கதைதான். உண்மையான கொள்ளளவைத் தாண்டியதும் எழுதுவது எங்கும் தங்காது. ஆனால் பெயரும் அளவும் குறிக்கப்பட்ட பட்டியல் பத்திரமாக இருப்பதால் பார்வைக்கு எல்லாம் சரியாகவே இருக்கும்.

திறந்து ஓட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. நாற்பது கிளிப்புகளை முழுக்க ஓட்ட யாருக்கும் நேரம் கிடையாது. தொடக்கத்தில் பத்து வினாடி பார்த்தால் நடுவில் உடைந்தது தெரியாது.

ஆகவே மிச்சமிருப்பவை இரண்டே வழிகள். ஒன்று, இரண்டு கோப்புகளையும் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுவது. விண்டோஸில் `fc /b`, லினக்ஸிலும் மேக்கிலும் `cmp`. மற்றொன்று செக்சம். கோப்பை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை படித்து, அதிலிருந்து நிலையான நீளமுள்ள ஓர் எண்ணைக் கணக்கிடுவது. உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் எண்ணும் ஒன்றாக இருக்கும். கோப்பின் பெயரை மாற்றினாலும் தேதியை மாற்றினாலும் எண் மாறாது. உள்ளே ஒரு பிட் மாறினாலும் அடியோடு மாறிவிடும்.

உறுதி என்று பார்த்தால் பைட் ஒப்பீடுதான் மேல். அதில் நிகழ்தகவுக்கே இடமில்லை; எந்த இடத்தில் வேறுபாடு என்றும் சொல்லும். ஆனால் அசலும் நகலும் ஒரே சமயத்தில் கையில் இருக்க வேண்டும். கார்டை அழித்துவிட்டால் அத்தோடு அந்த வழி அடைபட்டுவிடும். செக்சமை ஒருமுறை கணக்கிட்டு எழுதி வைத்தால், கார்டு போன பிறகும், இரண்டாவது டிஸ்க்குக்கும், அடுத்த ஆண்டுக்கும் அதுவே அளவுகோல். வீடியோகிராபரின் வேலைக்கு இதுதான் பொருந்தும்.

எந்த செக்சம் என்பது அடுத்த கேள்வி. “abc” என்ற மூன்றே எழுத்து கொண்ட கோப்புக்கு நான்கு முறைகள் தரும் விடைகள் இவை:

```
CRC32    352441c2
MD5      900150983cd24fb0d6963f7d28e17f72
SHA-1    a9993e364706816aba3e25717850c26c9cd0d89d
SHA-256  ba7816bf8f01cfea414140de5dae2223
         b00361a396177a9cb410ff61f20015ad
```

கோப்பு மூன்று பைட்டாக இருந்தாலும் முப்பது ஜிபியாக இருந்தாலும் நீளம் இதேதான். (கடைசி வரிசை இடம் கருதி இரண்டாக மடிக்கப்பட்டிருக்கிறது.) எண்ணின் நீளத்தை வைத்தே எந்த முறை என்று ஊகித்துவிடலாம்: 8, 32, 40, 64 எழுத்துகள்.

இவற்றில் தேர்வு செய்ய ஒரே கேள்வி போதும். எதிரே இருப்பது விபத்தா, வேண்டுமென்றே ஏமாற்றப் பார்க்கும் ஆளா?

கார்டிலிருந்து டிஸ்க்குக்கு வரும் வழியில் நடப்பவை விபத்துகள். தளர்ந்த கேபிள், தேய்ந்த கார்டு, பழுதான ரேம். இவற்றைப் பிடிக்க, ஜிப் கோப்புகளுக்குள் பல்லாண்டுகளாக இருந்துவரும் சிஆர்சி32 கூட ஓரளவு போதும். கெட்டுப்போன ஒரு கோப்பு தற்செயலாக அதே எண்ணைத் தரும் வாய்ப்பு சுமார் 430 கோடியில் ஒன்று. ரொனால்ட் ரிவெஸ்ட் 1991இல் வடிவமைத்த எம்டி5-இல் அந்த வாய்ப்பைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். எம்டி5 உடைந்துவிட்டது என்று சொல்லப்படுவது உண்மைதான். 2004இல் சீன ஆய்வாளர் வாங் சியாவ்யுன் குழுவினர் ஒரே எம்டி5 எண் தரும் இரு வேறு தரவுகளை உருவாக்கிக் காட்டினார்கள். ஆனால் அது திட்டமிட்டு உருவாக்கிய ஜோடி. ஆடிப்போன கேபிள் அப்படித் திட்டமிடாது. பழைய ஹார்ட் டிஸ்க்கில் எம்டி5 பட்டியல் ஏற்கெனவே இருந்தால் அதைத் தூக்கி எறியத் தேவையில்லை. கெடுதலைக் கண்டுபிடிக்க அது இன்றும் உதவும்.

இணையத்திலிருந்து இறக்கிய மென்பொருள் என்றால் நிலைமை வேறு. அங்கே ஆள் இருக்கலாம். 2012இல் வெளிப்பட்ட ஃப்ளேம் என்ற உளவு நிரல், எம்டி5-இன் இதே பலவீனத்தை வைத்து மைக்ரோசாஃப்ட் கையொப்பமிட்டது போல வேடம் போட்டது. எஸ்எச்ஏ-1-உம் 2017இல் விழுந்தது: ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, பார்க்க வேறாகவும் எண்ணில் ஒன்றாகவும் இருக்கும் இரண்டு பிடிஎஃப் கோப்புகளை வெளியிட்டன. ஆக, இந்த வேலைக்கு எஸ்எச்ஏ-256தான். அதுவும் தனியாகப் போதாது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், இறக்கும் இணைப்பைத் திருப்பிவிட்டு, பின்வாசல் வைத்த பதிப்பைக் கொடுத்தார்கள். பக்கத்தில் இணைப்பை மாற்ற முடிந்தவருக்கு, அதன் அருகில் அச்சாகியிருக்கும் செக்சமை மாற்றுவது பெரிய காரியம் அல்ல. இறக்கிய கோப்பின் செக்சமை வேறொரு வழியாகப் பெற வேண்டும், அல்லது செக்சம் பட்டியலில் உருவாக்கியவர்களின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும்.

திரைத்துறையில் நாளுக்குப் பல டெராபைட் கையாளுபவர்கள் எக்ஸ்எக்ஸ்ஹாஷ் என்ற முறையை விரும்புகிறார்கள். மிக வேகமானது, விபத்துக்கு மட்டுமே உகந்தது, ஏமாற்றுக்கு அல்ல. 64 ஜிபிக்கு அந்த வேகம் பெரிதாகத் தெரியாது. வினாடிக்கு 100 எம்பி படிக்கும் ஹார்ட் டிஸ்க்கில் அவ்வளவையும் படித்து முடிக்கவே 11 நிமிடம் ஆகும். இன்றைய கணினிகள் எஸ்எச்ஏ-256-ஐ அதைவிட வேகமாகக் கணக்கிடுகின்றன. காத்திருப்பது டிஸ்க்குக்காகத்தான், கணக்குக்காக அல்ல. எந்தக் கணினியிலும் தனியாக எதையும் நிறுவாமல் கிடைக்கிறது என்பதற்காகவே கல்யாண ஸ்டூடியோவுக்கு எஸ்எச்ஏ-256-ஐத் தயங்காமல் சொல்லலாம்.

செய்முறை லினக்ஸில் இப்படி. முதலில் கார்டுக்குள் நின்று பட்டியல் தயாரிக்க வேண்டும். பிறகு டிஸ்க்குக்குள் நின்று அதே பட்டியலை வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

```
cd /media/card/DCIM
find . -type f -exec sha256sum {} + > ~/kalyanam.sha256

cd /media/disk1/DCIM
sha256sum -c --quiet ~/kalyanam.sha256
```

எல்லாம் சரியென்றால் இரண்டாவது கட்டளை எதுவும் பேசாது. ஒரு கோப்பு மாறியிருந்தால் அதன் பெயருக்கு எதிரே `FAILED` என்று வரும். கோப்பே இல்லையென்றால் `FAILED open or read`. விண்டோஸில் பவர்ஷெல்லின் `Get-FileHash` எதுவும் சொல்லாவிட்டால் எஸ்எச்ஏ-256-ஐத்தான் கணக்கிடும். இரண்டு கோப்புகளைக் கண்ணால் ஒப்பிடாமல் கணினியிடமே விடுவது நல்லது:

```
(Get-FileHash E:\C0042.MP4).Hash -eq (Get-FileHash F:\C0042.MP4).Hash
```

`True` வந்தால் இரண்டும் ஒன்று.

இங்கே பலர் கவனிக்காத ஒரு பொறி இருக்கிறது. நகலெடுத்த கையோடு சரிபார்த்தால், கணினி டிஸ்க்கைத் தொடாமலே விடை சொல்லக்கூடும். சற்று முன் எழுதிய தரவு ரேமில் இன்னும் இருக்கும். படிக்கச் சொன்னால் இயங்குதளம் அதையே எடுத்துக் கொடுத்துவிடும். 16 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில், கடைசியாக நகலான சில கிளிப்புகள் முழுசாக அப்படி இருக்க வாய்ப்புண்டு. டிஸ்க்கில் தவறாக எழுதப்பட்டிருந்தாலும் சரி என்றே வரும். ஆகவே டிஸ்க்கை முறைப்படி எஜெக்ட் செய்து, கேபிளைப் பிடுங்கி, மறுபடி செருகிய பிறகுதான் சரிபார்க்க வேண்டும். இந்த ஒரு நிமிட வேலையைத் தவிர்த்தால், எந்த செக்சமைத் தேர்ந்தெடுத்தாலும் பயன் குறைவு.

செக்சமால் சொல்ல முடியாததும் உண்டு. கார்டிலேயே கிளிப் கெட்டிருந்தால், கெட்ட அசலும் கெட்ட நகலும் அழகாகப் பொருந்தும். அதேபோல், வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பிய போட்டோவை அசலோடு ஒப்பிட்டால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் எண் பொருந்தாது; அது படத்தைச் சுருக்கி வேறு கோப்பாக எழுதிவிடுகிறது. அங்கே பொருந்தாமை பிழை அல்ல.

இனி, `C0042.MP4` மட்டும் `FAILED` என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். உடனே மறுபடி நகலெடுக்கத் தோன்றும். அதற்கு முன் அந்த நகலின் செக்சமை, டிஸ்க்கைக் கழற்றிச் செருகி, இன்னொரு முறை கணக்கிட வேண்டும். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தால் படிக்கும் பாதையில்தான் கோளாறு: கேபிள், யுஎஸ்பி ஹப், ரேம். முதலில் கேபிளை மாற்றிப் பார்க்கலாம். ஒரே தவறான எண் திரும்பத் திரும்ப வந்தால், எழுதியது தவறு, அல்லது கார்டிலிருந்து பட்டியல் தயாரித்தபோது படித்தது தவறு. கார்டின் செக்சமை மறுபடி எடுத்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். எண் `e3b0c442` என்று தொடங்கினால் யோசிக்கவே வேண்டாம். அது காலிக் கோப்பின் எஸ்எச்ஏ-256. நகலில் ஒரு பைட் கூட இல்லை.

கார்டு இன்னும் கையில் இருப்பதால், எங்கே வேறுபாடு என்றும் பார்த்துவிடலாம்:

```
cmp -l /media/card/DCIM/C0042.MP4 /media/disk1/DCIM/C0042.MP4 | head
```

முதல் எண் பைட்டின் இடம். அடுத்த இரண்டும் அசலிலும் நகலிலும் உள்ள மதிப்புகள், எட்டடிமான எண்களில். எங்கோ ஒரே ஒரு பைட்டில் மட்டும் 101-க்குப் பதில் 141 என்று இருந்தால், ஒரு பிட் புரண்டிருக்கிறது. ரேமைச் சோதிக்கும் வரை அந்தக் கணினியில் நகலெடுக்காமல் இருப்பது நல்லது. மூன்றாவது வரிசை முழுக்க பூஜ்யமாக நீண்டுகொண்டே போனால் எழுதுவது நடுவில் நின்றிருக்கிறது, அல்லது டிஸ்க் சொல்லும் கொள்ளளவு பொய். அப்போது டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும். வேறு டிஸ்க்கில் நகலெடுத்து அதே `kalyanam.sha256` பட்டியலால் சரிபார்த்து, கட்டளை எதுவும் பேசாமல் முடிந்தால் கார்டை ஃபார்மட் செய்யலாம்.