போஸ்ட்பெய்டு இணைப்பை மூட எப்படி எழுத வேண்டும்?

கேள்வி: திருவையாற்றில் அப்பா பெயரில் உள்ள போஸ்ட்பெய்டு இணைப்பு இனி தேவையில்லை. கட்டிய டெபாசிட் திரும்பக் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் பலரும் பில் கட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டு, இணைப்பு தானாகப் போய்விடும் என்று இருந்துவிடுகிறார்கள். அப்போது மாத வாடகை பாக்கியாக ஏறி, டெபாசிட்டையே விழுங்கிவிடும்.

அதனால் கடிதம் அவசியம். கையெழுத்து அப்பாவுடையதாக இருக்கட்டும். தொலைபேசி எண், கணக்கு எண், இணைப்பை மூட வேண்டிய தேதி, டெபாசிட் தொகை ஆகியவற்றை எழுதி, இந்த ஒரு வாக்கியத்தைச் சேர்க்கலாம்: “கடைசி பில்லை டெபாசிட்டில் கழித்துக்கொண்டு, மீதியைக் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தவும்.” டெபாசிட் 500 ரூபாய், கடைசி பில் 312 என்று வைத்துக்கொண்டால், வர வேண்டியது 188. அடையாள அட்டை நகலும் ரத்து செய்த காசோலையும் இணைக்கலாம்.

தஞ்சாவூர் அலுவலகத்தில் நேரில் கொடுத்தால், நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் கிளம்ப வேண்டாம். பிறகு வழக்காட அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

டிராய் அமைப்பின் 2024 விதிமுறைப்படி, இணைப்பை மூடிய 45 நாட்களுக்குள் டெபாசிட் திரும்ப வேண்டும். வராவிட்டால் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து புகார் எண் வாங்கவும். அங்கும் தீரவில்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். வங்கியில் தானியங்கிப் பணம் செலுத்தும் அனுமதி கொடுத்திருந்தால், கடைசி பில் தீர்ந்ததும் அதையும் ரத்து செய்யவும்.