படத்தை மாற்றப்போகிறீர்களா?

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்துக்கு இதயத்தின் உள்ளமைப்புப் படம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். விக்கிமீடியா காமன்ஸில் நல்ல படங்கள் இருக்கின்றன. பலவற்றில் பெயர்கள் ஆங்கிலத்தில். அவற்றை அழித்துவிட்டுத் தமிழில் எழுதினால், சட்டப்படி அது மூலத்திலிருந்து பிறந்த வேறொரு படைப்பு. ஆகவே உரிமத்தைப் படிக்கும் முன்பே, படத்தை மாற்றுவோமா, அப்படியே வைப்போமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

மாற்றுவதாக இருந்தால், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ND என்ற எழுத்துகள் உள்ள படத்தைத் தொடாதீர்கள். மாற்றியதைப் பிறரோடு பகிர அந்த உரிமம் இடம் தராது. காமன்ஸ் ND, NC உரிமம் மட்டுமே உள்ள படங்களை ஏற்பதில்லை; ஃபிளிக்கரில்தான் அவை நிறைய வரும்.

அடுத்து SA. காமன்ஸில் உள்ள Diagram of the human heart (cropped).svg என்ற படத்தின் உரிமம் CC BY-SA 3.0. இதில் தமிழ்ப் பெயர்களை எழுதி வலைப்பூவில் போட்டால், உங்கள் தமிழ்ப் படத்தையும் அதே வகை உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ‘அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது’ என்று அதன் கீழ் எழுத முடியாது. முழு ஸ்லைடு தொகுப்பும் SA ஆகிவிடுமோ என்று ஆசிரியர்கள் பலர் பயப்படுகிறார்கள். ஆகாது. மாற்றாத படத்தைப் பிற ஸ்லைடுகளோடு சேர்த்து வைப்பது வெறும் தொகுப்பு. மாற்றிய படத்துக்கு மட்டுமே அந்தக் கட்டு. நமக்குத் தமிழ்ப் படங்கள் குறைவு என்பதால், அடுத்த ஆசிரியருக்கும் அது பயன்பட வழிசெய்யும் இந்தக் கட்டை நான் விரும்பியே ஏற்கிறேன்.

கட்டே வேண்டாம் என்றால் BY மட்டும் உள்ள படம். ஓபன்ஸ்டாக்ஸ் உடற்கூறியல் பாடநூலின் இதயப் படம் காமன்ஸில் அப்படிக் கிடைக்கிறது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். பயிற்சி நூலில் அச்சிட்டு விற்கவும் செய்யலாம். CC0 என்றால் பெயர் சொல்லும் கட்டாயமும் இல்லை.

NC வகுப்பறைக்குச் சிக்கலில்லை. விளம்பரம் ஓடும் வலைப்பூவில்தான் சங்கடம். வணிக ஆதாயமோ பணமோ முதன்மை நோக்கமாக இருக்கக் கூடாது என்கிறது உரிமம். விளம்பர வருமானம் அதில் எங்கே நிற்கிறது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. வேறு படம் கிடைக்கும்போது அந்த வழக்கில் நாம் ஏன் சிக்க வேண்டும்?

‘நன்றி: கூகுள்’ என்று எழுதுவது எந்த உரிமத்துக்கும் போதாது. படத்தின் கீழ் இப்படி இருக்கட்டும்: படத்தின் பெயர், வரைந்தவர் பெயர், காமன்ஸ் பக்கத்தின் இணைப்பு, CC BY-SA 3.0 என்று பதிப்பு எண்ணோடு உரிமமும் அதன் இணைப்பும், ‘பெயர்கள் தமிழாக்கப்பட்டுள்ளன’ என்ற குறிப்பு. இதில் பிழை செய்தால் படத்தைப் பயன்படுத்தும் உரிமை போய்விடும். 4.0 பதிப்பில், பிழை தெரிந்த 30 நாளுக்குள் திருத்தினால் அது தானே திரும்பிவிடும். 3.0-இல் அந்தச் சலுகை இல்லை.

தரவிறக்கும் அன்றே உரிமம் தெரியும் பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்துத் தேதியோடு சேமியுங்கள். படைத்தவர் பின்னாளில் உரிமத்தை மாற்றினாலும், நீங்கள் பெற்றது செல்லும்; அதைக் காட்டச் சான்று வேண்டும்.